இடமாற்றப் படிவம் வருவதற்கு முன்

அவர் என்னிடம் கேட்ட முதல் சொந்தக் கேள்வி, "கஷ்டப் பிரதேசத்தில எத்தனை வருஷம் முடிச்சிட்டீங்க டீச்சர்?" என்பது. பெயர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை. நானும் வெட்கப்படாமல், "மூண்டு வருஷமும் நாலு மாசமும்" என்றேன். அரசாங்க வேலையில் இருக்கும் இரண்டு பேருக்கு ஒருவரையொருவர் பிடித்துப்போனால் பேச்சு இப்படித்தான் தொடங்கும். வேறு மாதிரித் தொடங்கியவர்களை நான் கதைகளில்தான் படித்திருக்கிறேன்.

யுத்த காலம் அது. எங்கள் வாவிக்குக் கடல் பக்கம் இருப்பது எழுவான்கரை. மறுபக்கம் வயலும் காடுமாகக் கிடப்பது படுவான்கரை. எழுவான்கரை அரசாங்க ஆமியின் கையில் இருந்தது, படுவான்கரை போராளி இயக்கத்தின் கையில். என் வீடு இந்தக் கரையில், நான் கணிதம் படிப்பித்த பள்ளிக்கூடம் அந்தக் கரையில். அவர் பிரதேச செயலகத்தில் எழுதுவினைஞர். நிவாரண அட்டைகளைப் பதிவதற்காக வாரத்தில் மூன்று நாள் அக்கரைக்கு வருவார். பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். தோட்டத் தொழிலாளருக்குக் கொடுக்கும் வரிசை அறைகளை லயம் என்பார்கள்; அவருடைய லயத்தில் இருந்து அரசாங்க வேலைக்குப் போன முதல் ஆள்.

வாவியைக் கடக்க இரும்புப் பீப்பாய்களின்மேல் பலகை அடித்த ஒரு பெரிய மிதவை இருந்தது. எங்கள் பக்கத்தில் அதைப் பாதை என்றுதான் சொல்லுவோம். காற்றுச் சரியாக இருந்தால் கால் மணி நேரத்தில் கடந்துவிடும். ஏறுவதற்குத்தான் காலம் போகும். ஏழு மணிக்குச் சோதனைச் சாவடி திறக்கும் என்பார்கள், எட்டும் ஆகும். சைக்கிளை உருட்டிக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டும். சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து காட்ட வேண்டும். பெண்களைச் சாக்கு மறைப்புக்குள் கூப்பிட்டுத் தடவிப் பார்ப்பார்கள். அக்கரையில் இறங்கியதும் இயக்கத்தின் ஆட்களிடமும் பெயர் சொல்லிவிட்டுப் போக வேண்டும். வெடிச் சத்தம் கேட்டால் பாதை நின்றுவிடும், அன்றைக்குக் கிறுகி, வந்த வழியே திரும்பி, வீட்டுக்கு வருவோம். மூன்று வருடம் இப்படிப் போய் வந்ததில் எனக்குப் பயம் விட்டுப்போயிருந்தது. மிஞ்சியது அலுப்பு. காலையில் பாயை விட்டு எழும்பும்போதே அந்த வரிசை முழுவதையும் ஒருதரம் நின்று முடித்துவிட்ட களைப்பு வரும்.

அந்த வரிசையில்தான் பேசினோம். வேறு எங்கே பேசுவது? தேத்தண்ணிக் கடையில் ஒரு கிளாக்கரும் ஒரு ரீச்சரும் உட்கார்ந்திருந்தால் மத்தியானத்துக்குள் என் அப்பாவுக்குச் செய்தி போய்விடும். வரிசையில் நிற்பது எல்லோருக்கும் கடமை, அதற்குக் குற்றம் சொல்ல ஆளில்லை. அவர் மழைக்கு எனக்குக் குடை பிடித்ததும் இல்லை. அவருடைய குடை பெரும்பாலும் நிவாரணப் பதிவேட்டுக்குத்தான். அது நனைந்தால் முந்நூறு குடும்பத்துக்கு அரிசி இல்லை என்பார். அந்த மனிதரை எனக்குப் பிடித்துப்போனது அதனால்தான் என்று இப்போது நினைக்கிறேன்.

ஒரு நாள் அவர், "உங்க வீட்டுல வந்து பேசலாமுங்களா?" என்று கேட்டார்.

எனக்கு ஓம் என்று சொல்ல வேண்டும் போல இருந்தது. ஆனால் வாயில் வந்தது வேறு. "முதல்ல நாம பேசி முடிப்பம்" என்றேன்.

அதற்குக் காரணம் எங்கள் பள்ளிக்கூடத்தின் சமயப் பாட ரீச்சர். அவவின் கணவர் கலியாணம் முடித்து நாற்பதாம் நாள் வளைகுடா நாட்டுக்குப் போனார். போகப்போகிறார் என்பது தாலி கட்டும்போது அவருக்குத் தெரியும், அவருடைய தாய்க்குத் தெரியும், ஏஜென்சிக்காரனுக்குத் தெரியும். மணவறையில் இருந்தவவுக்கு மட்டும் தெரியாது. "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், நானும் கேக்கல்ல, அவரும் சொல்லல்ல" என்று அவ ஆசிரியர் அறையில் சோற்றைப் பிசைந்தபடி சொல்லுவா. சோறு அப்படியே இருக்கும். அதைப் பார்த்துப் பார்த்து எனக்குக் கோபம்தான் வரும். எவ்வளவு விசயத்தை விசாரித்து மாடு வாங்குகிறோம், இதை ஏன் விசாரிக்கக்கூடாது?

ஆகவே ஒரு ஒப்பந்தம் செய்தோம். யார் எந்த வேலையில் எவ்வளவு காலம் இருக்கப்போகிறோம், அடுத்து எங்கே போகவேண்டி வரும், எதை எந்தக் காரணத்துக்காகவும் விடமாட்டோம் என்பதைப் பேசித் தீர்க்கும்வரை வாக்குக் கொடுப்பதில்லை. வீட்டில் சொல்லுவதில்லை. கடிதம் எழுதுவதில்லை, படம் கொடுப்பதில்லை. பேசிப் பார்த்துச் சரிவராவிட்டால் வரிசையில் முன்பின் நிற்கும் இரண்டு பேராக மறுபடியும் ஆகிவிடலாம். அப்படி ஆகிவிடலாம் என்று நாங்கள் இரண்டு பேருமே நம்பினோம். வயது அப்படி.

அவர் சொன்னார். தன்னுடையது நாடு முழுவதற்குமான எழுதுவினைஞர் சேவை. ஒரு நிலையத்தில் ஐந்து வருடம் முடிந்தால் இடமாற்றத்துக்கு எழுதலாம். எழுதாவிட்டாலும் இடமாற்றச் சபை தூக்கி எங்கேயும் போடலாம். அவருக்கு ஐந்து வருடம் அந்த மார்கழியோடு முடிகிறது. படிவம் ஆனி மாதம் வரும், மாத முடிவுக்குள் அனுப்ப வேண்டும், தை முதலாம் திகதி புதுக் கந்தோரில் வேலை ஏற்றுக் கையெழுத்துப் போட வேண்டும். அதற்குப் பிறகு நிருவாக சேவைப் போட்டிப் பரீட்சை எழுத யோசனை. அதில் எடுபட்டால் முதல் நியமனம் எங்கே என்று அவருக்கே தெரியாது.

"எடுபட்டா என்ன செய்யிற?" என்றேன்.

"அதுக்கு ரெண்டு மூணு வருஷம் இருக்குதுங்க. உங்ககிட்ட கேட்டுட்டுத்தான் எழுதுவேன். பரீட்சை எழுதாமலே இருக்கச் சொன்னா, அதை இப்பவே சொல்லிடுங்க."

சொல்லவில்லை. எழுதுங்கள் என்றேன். அவர் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்தால் ஏதோ நான்தான் அவரைப் பரீட்சையில் சித்தி பெற வைத்துவிட்டது போல இருந்தது.

வெளிநாடு போகிற எண்ணம் உண்டா என்றும் கேட்டேன். அந்த நாட்களில் ஊரில் பாதிப்பேர் போய்க்கொண்டிருந்தார்கள், மற்றப் பாதிப்பேர் போகக் காத்திருந்தார்கள். அவர் சிரித்தார். "எங்க ஆளுங்க ஒரு தடவை கடல் தாண்டி வந்ததே போதுமுங்க."

என் முறை வந்தது. நான் மாகாணத்துக்குச் சொந்தமான ரீச்சர். ஐந்து வருடம் கஷ்டப் பிரதேசத்தில் முடித்தால் பட்டணத்துப் பள்ளிக்கூடம் கேட்கலாம். அதற்கு முன்னர் வெளிவாரியாகப் பட்டப் படிப்பை முடிக்க வேண்டும். முதலாம் பகுதி எழுதியாகிவிட்டது, இன்னும் இரண்டு பகுதி. பிறகு அதிபர் சேவைப் பரீட்சை. பட்டம் முடியும்வரை பிள்ளை குட்டி வேண்டாம் என்றும் சொன்னேன். சொல்லும்போது முகம் கொதித்தது. எங்களுக்கு முன்னால் மீன் கூடையோடு நின்ற மனிசி திரும்பி ஒரு பார்வை பார்த்தா. அவர் கொஞ்சமும் சிரிக்காமல், பதிவேட்டில் ஒரு குறிப்பை எழுதுகிறவரைப் போலத் தலையாட்டி, "சரிங்க, பட்டத்துக்குப் பிறகு" என்றார்.

இப்படி மாசி, பங்குனி, சித்திரை போயிற்று. ஒவ்வொன்றாகப் பேசி ஒவ்வொன்றிலும் ஒத்துப்போனோம். சம்பளத்தை யார் வைத்திருப்பது, அவர் மாமிசம் சாப்பிடுவது, நான் கோபக்காரி என்பது எல்லாம் பேசியாயிற்று. நான் சந்தோசமாக இருந்தேன். அந்த வருடங்களில் சந்தோசமாக இருப்பதே ஒரு கூச்சமான காரியம். அக்கரையில் எத்தனை வீட்டில் பிள்ளையைக் காணவில்லை என்று அழுதுகொண்டிருந்தார்கள். நான் கரும்பலகையில் சமன்பாடு எழுதும்போது உள்ளுக்குள் பாட்டு ஓடும்.

வைகாசியில் ஒரு திங்கட்கிழமை வரிசையில் நிற்கும்போது நான் வீட்டைப் பற்றிச் சொன்னேன். என் அப்பா மேசன். ஊரில் எத்தனையோ வீடு கட்டியவர், சொந்த வீட்டை மட்டும் கட்டி முடிக்கவில்லை. இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது கூரை இல்லாமல் கிடந்த சுவர்களை, வேலை இல்லாத நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாக எழுப்பிக்கொண்டிருந்தார். அந்த ஞாயிறு உள் அறைக்குச் சீமெந்து பூசினார்.

"கிழக்குப் பக்கம் ஒரு யன்னல் வைக்கிறாராம். நீங்க படிக்கிறதுக்கு நல்ல வெளிச்சம் வரும்" என்றேன்.

"நானா?" என்றார்.

"ஓம். பரீட்சைக்கு."

அவர் என் பக்கம் திரும்பினார். "அது உங்கப்பா வீடு இல்லீங்களா?"

"எனக்குக் கட்டுறாரு. மூத்த பிள்ள நான்தானே. நமக்குத் தந்திட்டு அவங்க பின்வளவுக்க சின்னதா ஒண்டு போட்டுக்கொண்டு இருப்பாங்க. தங்கச்சிக்குப் பக்கத்து வளவு."

அவர் சைக்கிள் பிடியை இறுக்கிப் பிடித்தார். "நீங்க எங்க வீட்டுக்கு வருவீங்கன்னு நான் அம்மாகிட்ட சொல்லிட்டேங்க" என்றார்.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். வீடு பெண்ணுக்கு. அதை வழக்கம் என்றுகூட யாரும் சொல்லுவதில்லை. காலையில் கிணற்றடிக்குப் போவது வழக்கமா என்று யாராவது கேட்பார்களா? பெண் தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாமியார் வீட்டுக்குப் போவது எனக்குச் சினிமாவில் பார்த்த விசயம். அவருக்கோ ஒரு ஆம்பிளை பெண் வீட்டில் போய் இருப்பது ஊர் சிரிக்கும் விசயம். நாலு மாதம் உட்கார்ந்து, அதாவது நின்று, பிள்ளை எப்போது பெறுவது என்பதுவரை பேசிய நாங்கள், அந்தப் பிள்ளை எந்த ஊரில் பிறக்கும் என்று ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு பேருக்கும் அது பேச வேண்டிய விசயமாகவே படவில்லை. எங்கே இருப்போம் என்று அவர் ஒருநாளும் கேட்காதபோது, மனிதருக்கு எங்கள் ஊர் பிடித்துவிட்டது என்று நான் நினைத்தேன். நான் கேட்காதபோது, வர ஆயத்தமாகிவிட்டேன் என்று அவர் நினைத்தார்.

அதிலும் ஒப்பந்தத்தை மீறித் தன் தாயிடம் சொல்லியிருக்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்தில் மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. நாலாம் நாள் யோசித்துப் பார்த்தால் நானும் அப்பாவிடம் கிழக்கு யன்னல் கேட்டிருந்தேன். ஏன் கிழக்கு என்று அவர் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

மறுபடியும் பேசத் தொடங்கினோம். ஆனால் பேச்சின் ருசி போய்விட்டது. இப்போது பேசியதெல்லாம் இரண்டு பக்கத்து வழக்கறிஞர்கள் பேசுவது போல. அவருடைய தாய் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவ. தோட்டத்தில் வேலைக்குப் பெயர் இருக்கிறவர்களுக்குத்தான் லயத்து அறை. அவவின் பெயர் வெட்டுப்பட்டாயிற்று, அவருக்கோ அங்கே வேலை இல்லை, வேறு பிள்ளையும் இல்லை. தை மாதத்துக்குள் பதுளைப் பட்டணத்தில் ஒரு அறையாவது எடுத்து அவவைக் கூட்டிப் போக வேண்டும்.

"இஞ்ச கூட்டி வாங்க. எங்கட வளவுக்க இருக்கட்டும்" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

"கேட்டேங்க. குண்டு விழுற ஊருக்கு வரமாட்டேன்னு சொல்லிருச்சு. அதுவும் மருமக வீட்டுல போய் உக்காந்து திங்கறதான்னு கேக்குது."

குண்டு விழுகிற ஊர் என்பதை எப்படி மறுப்பது? அன்று காலையும் தூரத்தில் விழுந்துகொண்டுதான் இருந்தது.

அப்படியென்றால் நான் போக முடியுமா என்று பார்க்கத்தானே வேண்டும். பார்க்காமல் முடியாது என்று சொல்லுவது எனக்குப் பிடிக்காது. ஒரு நாள் லீவு போட்டுவிட்டுப் பட்டணத்தில் கல்விக் கந்தோருக்குப் போனேன். இடமாற்றம் பார்க்கிற கிளாக்கர் அம்மா நல்ல மனிசி, உண்மையைச் சொன்னா. ஒரே மாகாணத்துக்குள் மாறுவது வேறு, மாகாணம் விட்டு மாகாணம் போவது வேறு. இங்கே விடுவதற்கு ஒரு கடிதம் வேண்டும், அங்கே ஏற்பதற்கு ஒரு கடிதம் வேண்டும். எனக்குப் பதிலாக ஒரு ஆள் வராமல் இங்கே விடமாட்டார்கள்.

"பதுளையில இருந்து படுவான்கரைக்குக் கணக்குப் படிப்பிக்க ஒராள் வருவாங்களா ரீச்சர்?" என்று அவ கேட்டா. கிண்டலாகக் கேட்கவில்லை. கொட்டாவியோடு கேட்டா.

"கணவன் மனைவி ஒரே இடத்தில இருக்கோணும் எண்டு எழுதினா?"

"அது நல்ல காரணம்தான். முன்னுரிமையும் இருக்கு. ஆனா விவாகச் சான்றிதழ்ட பிரதி வைக்கோணும். அது இல்லாமக் கோவையே திறக்கமாட்டாங்க. வச்சாலும் எத்தின வருஷம் எண்டு சொல்லேலாது." அலுமாரியில் ஒரு தட்டைக் காட்டினா. கணவன் ஒரு மாகாணத்திலும் மனைவி ஒரு மாகாணத்திலுமாக இருந்தவர்களின் விண்ணப்பக் கோவைகள் அவை. பள்ளிக்கூட விடுமுறைக்கு மட்டும் குடும்பம் நடத்துகிறவர்கள். விட்டுவிட்டுப் போய் அங்கே புதிதாக நியமனம் கேட்கலாம்தான். சேவை மூப்புப் போகும், ஓய்வூதியத்துக்கு எண்ணின வருடங்களும் போகும், நியமனம் கிடைக்கும் என்பதற்கும் உறுதி இல்லை.

எங்கள் அதிபரிடமும் கேட்டேன். பதிவில் ஒன்பது ஆசிரியர், வருவது ஐந்து. கணிதத்துக்கு நான் ஒருத்திதான். அவர் நெற்றியைத் தடவிக்கொண்டு, "ஆள் வந்தா நாளைக்கே விடுறன் புள்ள. வராட்டி இந்த வருஷம் சாதாரண தரப் பரீட்சை எழுதுற இருபத்திரண்டு பேருக்கும் நான் என்ன சொல்லுற?" என்றார். திட்டியிருந்தால் சண்டை பிடித்திருப்பேன். அவர் திட்டவில்லை.

அவரும் சும்மா இருக்கவில்லை. செங்கலடியில் இருந்து பதுளைக்கு நேரே போகும் வீதி மூடிக்கிடந்தது. அம்பாறையைச் சுற்றி, இரண்டு பஸ் மாறி, ஒவ்வொரு சாவடியிலும் இறங்கி ஏறி ஊருக்குப் போய் விசாரித்து வந்தார். அங்கே மட்டக்களப்பு முகவரி உள்ள அடையாள அட்டையோடு ஒரு பெண் வந்து குடியிருந்தால் பொலிசில் பதிய வேண்டும், எந்நேரமும் கேள்வி வரும் என்றார். மறைக்காமல் சொன்னார். தான் இங்கேயே இருக்க வழி உண்டா என்றும் மாவட்டக் கந்தோரில் கேட்டிருக்கிறார். உண்டு. மனைவி இந்த மாவட்டத்தில் வேலை செய்கிறா என்று காட்டினால் நிலையத்தை நீடிப்பார்கள். அதற்கும் விவாகச் சான்றிதழ்.

அதாவது, எங்கே வாழலாம் என்று தெரிந்துகொண்டு பிறகு கலியாணத்தை யோசிப்போம் என்று நாங்கள் இருந்தோம். கலியாணம் முடித்துச் சான்றிதழைக் கொண்டு வாருங்கள், எங்கே வாழலாம் என்று பிறகு சொல்லுகிறோம் என்று அரசாங்கம் இருந்தது. அவர் ஒரு தரம், "பதிவை மட்டும் செஞ்சு வெச்சுக்கலாமுங்களா?" என்று கேட்டார். அந்தக் குரலில் அவருக்கே நம்பிக்கை இல்லை. பதிவாளரிடம் அறிவித்தல் கொடுத்தால் அதைக் கந்தோர்ச் சுவரில் ஒட்டிவிடுவார்கள். மீன் வாங்கப் போகிறவர்கள்கூட அதைப் படித்துவிட்டுத்தான் போவார்கள்.

ஆகவே அப்பாவிடம் சொன்னேன். படிவம் அனுப்ப இன்னும் ஒரு நாள்தான் இருந்தது. பின்னேரம் சீமெந்து பூசும் சாந்தகப்பையைக் கழுவிக்கொண்டிருந்தவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்: யார், எந்த ஊர், எவ்வளவு நாளாக, என்ன சிக்கல். கோபிப்பார் என்று எதிர்பார்த்தேன். சாப்பிடாமல் இருப்பார் என்றாவது எதிர்பார்த்தேன். அவர் சாந்தகப்பையைத் துணியால் துடைத்து வைத்தார்.

"அந்தப் பொடியன் இஞ்ச வரமாட்டாராமா?"

"அவர்ட அம்மாவ விட ஒண்ணா அப்பா."

"ம். அதுவும் சரிதான்." வீட்டுச் சுவரைப் பார்த்தார். "நீ போறாய் எண்டா இத தங்கச்சிட பேருக்குத்தான் எழுதோணும். பூட்டி வச்சா இந்தக் காலத்தில எவனாவது வந்து இருந்திருவான். விளங்குதா?"

"விளங்குது."

"போறதெண்டா போ புள்ள. நான் மறிக்கல்ல. ஒண்டு மட்டும் கேக்கன். போய்ச் சரிவராட்டி, கிறுகி வரேலுமா?"

எவ்வளவோ விசாரித்த நான் அதை விசாரிக்கவில்லை. வீடு தங்கச்சிக்குப் போய்விடும். வேலை இன்னொரு மாகாணத்துக்குப் போய்விடும். திரும்பி வர மறுபடியும் இரண்டு கடிதம், ஒரு பதில் ஆள். வேலையை விட்டுவிட்டுப் போனால் கேட்கவே வேண்டாம். அப்பா என் தலையில் கை வைத்துவிட்டு உள்ளே போனார். நான் பின்வளவுக்குப் போய் வாய்விட்டு அழுதேன். அவர்மேலும் கோபம், அப்பாமேலும் கோபம், என்மேல் எல்லாவற்றையும்விடக் கோபம். இந்தப் பேச்சையே தொடங்காமல், எல்லாப் பெட்டையையும் போலக் கண்ணை மூடிக்கொண்டு ஒரு முடிவை எடுத்திருக்கலாம் என்று வந்தது.

அடுத்த நாள் அவர் நிவாரண அட்டை பதிய அக்கரைக்கு வரும் நாள். வரிசையில் நிற்க மனமில்லை என்பதால் நாங்கள் கடைசியாக ஏறினோம். பாதையின் ஓரத்தில், சைக்கிள்களுக்குப் பின்னால் நின்றுகொண்டு கேட்டேன். "நான் வந்து சரிவராட்டி எங்க கிறுகி வாற?"

சரிவரும் என்று அவர் சொல்லியிருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். நான் நம்பியும் இருப்பேன்.

"தெரியலைங்க" என்றார். பிறகு, "நான் இங்க இருந்து சரிவராட்டி நான் எங்க போறதுங்க? உங்க வீட்டுல நான் யாரு? அம்மாவும் ரோட்டுல நிக்கும்" என்றார்.

எனக்கும் தெரியவில்லை என்றேன். அவர் தலையாட்டினார். நாங்கள் கடைசியாக ஒத்துப்போனது அதில்தான்.

பாதை நடு வாவிக்கு வந்தபோது அவர் பையில் இருந்து படிவத்தை எடுத்தார். அன்று மத்தியானம் கரை திரும்பி, மாவட்டக் கந்தோருக்குப் போகும் தபாலில் சேர்க்காவிட்டால் அந்த வருடத்துக்குப் பிந்திவிடும், பிறகு சபை இழுத்துப் போடுகிற இடம்தான். பெயரும் சேவை இலக்கமும் வீட்டிலேயே நிரப்பியிருந்தார். விரும்பும் நிலையம் என்ற இடமும் அதற்குக் கீழே இருந்தவையும் வெறுமையாக இருந்தன. பேனையைத் திறந்துகொண்டு என்னைப் பார்த்தார். நான் சொல்ல வேண்டும் என்று நின்றார். இரு என்று நான் சொன்னால் இருந்திருப்பார், அது எனக்குத் தெரியும். அந்தத் தாயை லயத்தில் இருந்து வெளியே போட்ட நாளுக்கு ஆயுள் முழுவதும் நான் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். வாறன் என்று நான் சொன்னால் ஆயுள் முழுவதும் அவர் பதில் சொல்ல வேண்டும். எங்கள் இரண்டு பேரில் ஒருவர் கொஞ்சம் மோசமான ஆளாக இருந்திருந்தால் அன்றைக்குக் காரியம் நடந்திருக்கும்.

"பதுளை எண்டு எழுதுங்க" என்றேன்.

எழுதினார். காரணம் என்ற இடத்தில், வயோதிபத் தாயைப் பராமரித்தல் என்று எழுதினார். கிராம சேவகரின் கடிதம் ஏற்கெனவே குண்டூசி குத்தி இணைத்திருந்தது. அதைப் பார்த்ததும் சுருக்கென்றது, ஆனால் குற்றம் சொல்ல முடியவில்லை. எதற்கும் ஆயத்தமாக இருக்கிற மனிதர் என்றுதானே எனக்குப் பிடித்தது.

அடுத்த இடம் விவாக நிலை. அவர் பேனையைத் தாளில் இருந்து எடுத்துவிட்டார். அக்கரை கிட்ட வந்துகொண்டிருந்தது, ஆட்கள் சைக்கிள்களை நிமிர்த்தத் தொடங்கினார்கள். காற்று எழும்பிப் பாதை ஆடியது. நான் என் கணிதப் பயிற்சிக் கொப்பியின் மட்டையைப் படிவத்துக்கு அடியில் கொடுத்தேன்.

"எழுதுங்க" என்றேன்.

திருமணமாகாதவர் என்று அவர் எழுதினார். நீளமான சொல். ஒவ்வொரு எழுத்தாக எழுதி முடிக்கும்வரை, கோணாமல் இருப்பதற்காக, மட்டையை நான்தான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன்.